மின்னஞ்சல்களைப் பேணும் விதிகள்: எதை வைத்திருப்பது, எவ்வளவு காலம், எப்போது அழிப்பது

இந்த விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகின்றன. உட்துறைமுக வீதிக் கடை, களஞ்சியம், கொட்பே விற்பனை நிலையம் ஆகியவற்றில் வேலை செய்யும் 14 பேருக்கும், பணிப்பாளர்கள் இருவருக்கும் இவை பொருந்தும். கம்பனி முகவரியில் வரும், போகும் எல்லா மின்னஞ்சலும் கம்பனியின் ஆவணம். சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து விலைக்கோரலோ பற்றுச்சீட்டோ அனுப்ப வேண்டாம். அவசரத்தில் அனுப்பிவிட்டால், அன்றைக்கே கம்பனி முகவரிக்கு முன்னனுப்புங்கள்.

பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டியவை

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, நடப்புக் கணக்காண்டின் கணக்குப் பதிவுகளோடு அதற்கு முன் முடிந்த பத்து ஆண்டுகளின் பதிவுகளும் நம் கையில் இருக்க வேண்டும். வரிச் சட்டங்கள் கேட்கும் காலம் இதைவிடக் குறைவு. இரண்டையும் தனித்தனியே கணக்குப் பார்த்துக் குழம்பாமல், பணத்தோடு தொடர்புள்ள எல்லாவற்றுக்கும் பத்து ஆண்டு என்றே வைத்துக்கொள்வோம். 2025-26 கணக்காண்டின் மின்னஞ்சல்களை 2036 மார்ச் 31 வரை யாரும் அழிக்கக் கூடாது.

விலைப்பட்டியல், கொள்வனவுக் கட்டளை, வங்கிக் கூற்று, சுங்க ஆவணம், பெறுமதி சேர் வரிக் கடிதங்கள், சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் பணம் கட்டிய விவரம் ஆகியவை இதில் அடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறிப்போவது இவை அல்ல. இவற்றைச் சுற்றி நடந்த பேச்சுத்தான் தவறிப்போகிறது.

கணக்காய்வாளர் விலைப்பட்டியலைப் பார்த்ததும் அடுத்துக் கேட்பது, “இதற்கு யார் அனுமதி கொடுத்தது?” என்பதே. கிண்ணியாவில் படகு வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கு இயந்திர உதிரிப்பாகத்தில் 40,000 ரூபாய் கழிவு கொடுத்திருப்போம். விலைப்பட்டியலில் கழிவு இருக்கும், காரணம் இருக்காது. விற்பனைப் பொறுப்பாளர் கேட்டதும், பணிப்பாளர் “சரி, கொடுங்கள்” என்று ஒரே வரியில் பதில் போட்டதும் மின்னஞ்சலில்தான் கிடக்கும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கழிவுக்கு ஆதாரம் இல்லை. அதனால் கீழே உள்ளவற்றைச் சின்ன விஷயம் என்று எண்ணி நீக்க வேண்டாம்:

- கழிவு, கடன் எல்லை உயர்வு, அறவிட முடியாக் கடனைப் பதிவழித்தல் ஆகியவற்றுக்கான கோரிக்கையும் பதிலும்
- வழங்குநர் தன் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்றியதாக அனுப்பிய மின்னஞ்சலும், நாம் தொலைபேசியில் உறுதிப்படுத்தினோம் என்று எழுதிய குறிப்பும்
- மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களிலும் சரக்கு அனுப்பியது, பெற்றது, திருப்பியது பற்றிய எல்லாம்
- இருப்புக் கணக்கெடுப்பில் வந்த வித்தியாசத்துக்குக் களஞ்சியப் பொறுப்பாளர் எழுதிய விளக்கம்

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மார்ச் 30 அன்று விலைப்பட்டியல் போட்டு, சரக்கு ஏப்ரல் 2 அன்று புல்மோட்டைக்குப் போனால், அந்த விற்பனை எந்த ஆண்டைச் சேரும் என்ற கேள்வி கட்டாயம் வரும். லொறி புறப்பட்டது பற்றிய மின்னஞ்சலும், வாடிக்கையாளர் “சாமான் வந்தது” என்று போட்ட பதிலும்தான் அதற்கு விடை. பல ஓடர்கள் வாட்ஸ்அப்பில் வருவதால், இந்த நாட்களில் அந்த உரையாடலையும் ஏற்றுமதி செய்து கணக்குப் பிரிவின் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்.

மற்றவை

எழுத்து மூல ஒப்பந்தம் பற்றிய மின்னஞ்சல்கள், ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 7 ஆண்டுகள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட 6 ஆண்டுக் காலவரை இருப்பதால் ஓர் ஆண்டு கூட்டி வைத்திருக்கிறோம். அந்த ஒப்பந்தத்தின் கீழ் பணம் கைமாறிய மின்னஞ்சல்களுக்கு வழக்கம்போலப் பத்து ஆண்டு. பணிப்பாளர் சபைத் தீர்மானங்களும் பங்குதாரருக்கு அனுப்பியவையும் நிரந்தரமாக. பணமோ ஒப்பந்தமோ சம்பந்தப்படாத வாடிக்கையாளர் விசாரிப்புகள் 2 ஆண்டுகள். விளம்பரம், விடுமுறை அறிவிப்பு, கூட்ட நேரம் பேசியது எல்லாம் 90 நாளில் போகலாம்.

வேலைக்கு விண்ணப்பித்துத் தெரிவாகாதவர்களின் விவரங்களை 6 மாதத்தில் கட்டாயம் அழிக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதி, மருத்துவச் சான்றிதழ் போன்றவை தேவை முடிந்த பின்னும் நம் பெட்டியில் கிடப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் வைத்திருப்பதை ஏற்பதில்லை.

எப்படிச் சேமிப்பது

மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ, அச்சிட்டுக் கோப்பில் போட்டோ வைத்தால் போதாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம், பதிவு பின்னரும் திறந்து பார்க்கக்கூடியதாக இருப்பதையும், எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்தத் திகதி, எத்தனை மணி என்ற விவரங்கள் கூடவே இருப்பதையும் எதிர்பார்க்கிறது. இவை எல்லாம் மூல மின்னஞ்சலில் இருக்கின்றன, படத்தில் இல்லை. ஆகவே இணைப்புகளோடு `.eml` கோப்பாக இறக்கி, பெயரை இப்படி வையுங்கள்:

```
2026-03-30_INV-0387_pulmoddai.eml
```

திகதி முதலில், பிறகு ஆவண இலக்கம், கடைசியில் இடம் அல்லது வழங்குநர். பத்து ஆண்டு கழித்துத் தேடப்போவது நம்மில் யாராகவும் இல்லாமல் இருக்கலாம் என்று நினைத்துப் பெயர் வையுங்கள்.

ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதிக்குள் கணக்காளர் முந்தைய மாதக் கோப்புகளைச் சேர்த்து இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளில் பதிய வேண்டும். ஒன்று கடையின் இரும்புப் பெட்டியில் இருக்கும். மற்றது கடற்கரையை விட்டுத் தள்ளி, கந்தளாயில் உள்ள பணிப்பாளர் வீட்டில் இருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் என்ன செய்தது என்பதை இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. உப்புக்காற்றிலும் மாரி ஈரத்திலும் டிஸ்க் கெட்டுவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் செருகி, ஏதாவது பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திறக்காத கோப்பு இருந்தால் அன்றே மற்றப் பிரதியிலிருந்து எடுக்கவும்.

ஜிமெயிலில் நீக்கியது குப்பையில் 30 நாள்தான் இருக்கும். அதன்பின் நிர்வாகக் கணக்கிலிருந்து மீட்க இன்னும் 25 நாள் உண்டு, அதற்குமேல் வழி இல்லை. தவறுதலாக நீக்கிவிட்டால் அன்றைக்கே கணக்காளரிடம் சொல்லுங்கள். சொன்னதற்காக யாரையும் கண்டிக்க மாட்டோம்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது அவரது கணக்கை உடனே அழிக்கக் கூடாது. அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான் கிடைக்கும். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, பெட்டி முழுவதையும் டிஸ்க்கில் இறக்கி, கோப்பு திறக்கிறதா என்று பார்த்த பிறகே நீக்க வேண்டும்.

அழிப்பதை நிறுத்தும் வேளை

வழக்கு, தொழில் நியாயசபை முறைப்பாடு, உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் விசாரணை, காப்புறுதிக் கோரிக்கை ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், வரும்போல் தெரிந்தாலும், அது பற்றிய எதையும் யாரும் தொடக் கூடாது. மேலே சொன்ன காலம் முடிந்திருந்தாலும் இதுவே விதி. பணிப்பாளர் எழுத்தில் “நிறுத்தம்” அறிவிப்பார், அவரே எழுத்தில் நீக்குவார். சிக்கல் வந்த பிறகு நடக்கும் அழிப்பு, உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும், மறைத்ததாகத்தான் பார்க்கப்படும்.

90 நாள், 6 மாதம் என்று மேலே சொன்னவை தவிர, காலம் முடிந்த மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறை, கணக்காய்வு முடிந்து அறிக்கை கைக்கு வந்த பிறகு, கணக்காளரும் ஒரு பணிப்பாளரும் சேர்ந்து அழிப்பார்கள். எந்த ஆண்டின் எந்த வகை அழிக்கப்பட்டது என்று ஒரு பக்கப் பதிவு எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பதிவு நிரந்தரமாக இருக்கும். எதை எந்த வகையில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் நீக்காமல் வைத்துவிட்டுக் கணக்காளரைக் கேளுங்கள்.

நிர்வாகப் பணிப்பாளர்
திருகோணமலை, 2026 மார்ச் 16