அப்பாவின் இருமலுக்கு மருந்து கேட்டு மெடிக்கல் அண்ணாவுக்கு

அண்ணா, வணக்கம். தபால் ஆபீஸ் சந்து வீட்டிலிருந்து எழுதுகிறேன், மாதா மாதம் 3ஆம் தேதி அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வருவேனே. சாயங்காலம் கடையில் கூட்டம், நின்று விவரமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எல்லாவற்றையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், நேரம் கிடைக்கும்போது படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது, எடை 64 கிலோ. இன்றைக்கு 20ஆம் தேதி. இருமல் ஆரம்பித்துப் பதினெட்டு நாள் ஆகிறது. வறட்டு இருமல். சளி என்று ஒரு துளி வரவில்லை. தொண்டைக்குழியில் இறகை வைத்துத் தேய்ப்பது போல் இருக்கிறதாம், அந்த அரிப்பு வந்தால் அடக்க முடிவதில்லை. பகலில் பேசப் பேச வருகிறது, போனை எடுத்து "அலோ" என்றால் போதும். ராத்திரி படுத்ததும் தொடங்கி அரை மணி நேரம் விடாமல் இருமுகிறார். அப்புறம் எழுந்து உட்கார்ந்து வெந்நீர் குடித்தால் அடங்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மறுபடியும்.

காய்ச்சல் இல்லை, தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், 98ஐத் தாண்டவில்லை. மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, நெஞ்சில் விசில் சத்தம் எதுவும் கிடையாது. மாடிப்படி வழக்கம்போல ஏறுகிறார். ரத்தம் வரவில்லை, எடை குறையவில்லை, பசி நன்றாக இருக்கிறது. மூக்கடைப்பு, தும்மல்கூட இல்லை. முகம், உதடு, நாக்கு வீங்கவில்லை. பீடி சிகரெட் பழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆஸ்துமாவும் இல்லை.

மார்கழி முழுக்க அதிகாலையில் பஜனைக்குப் போனார். வைகுண்ட ஏகாதசிக்கு விடியற்காலையில் போய் இரண்டு மணி நேரம் பனியில் வரிசையில் நின்றார். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் இருமல் வந்தது. அதனால் வீட்டில் எல்லோரும் பனியைத்தான் திட்டினோம். அம்மா காதில் பஞ்சு, தலையில் மப்ளர் என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார். தை பிறந்து பஜனையும் நின்றது, இருமல் மட்டும் நிற்கவில்லை.

இப்போது அவர் சாப்பிடும் மாத்திரைகள், அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதுகிறேன்:

காலை சாப்பாட்டுக்கு முன் கிளிமிபிரைட் 1 மி.கி.
காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் மெட்பார்மின் 500.
காலையில் ராமிப்ரில் 5 மி.கி.
மதியம் ஆஸ்பிரின் 75.
இரவு அட்டார்வாஸ்டாட்டின் 10, அதோடு பிராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் 0.4.

சல்ஃபா மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளாது, முன்பு ஒருமுறை உடம்பெல்லாம் தடித்துவிட்டது. போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 142, கிரியேட்டினின் 1.1. நேற்று பிரஷர் 138/84.

இந்த வரிசையில் ராமிப்ரில்தான் புதிது. முன்பு அம்லோடிபின் 5 போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் டிசம்பர் 18ஆம் தேதி மாற்றிக் கொடுத்தார். வீக்கம் வடிந்துவிட்டது, அதில் குறையே இல்லை. உங்களுக்கு எழுதுவதற்காகச் சீட்டைத் தேடி எடுத்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. மாத்திரை மாற்றிப் பதினைந்து நாளில் இருமல். என் மாமியாருக்கு எனலாப்ரில் போட்டபோது இதே கதைதான். காசநோய்ப் பரிசோதனை வரைக்கும் போய்விட்டு, கடைசியில் மாத்திரையை மாற்றியபின் தானாக நின்றது, அதற்கும் மூன்று வாரம் பிடித்தது. இரண்டும் ஒரே குடும்பத்து மாத்திரைதானே அண்ணா? பனியும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததால் யாருக்கும் இது தோன்றவில்லை.

டாக்டர் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவாராம். அதுவரை மாத்திரையை நாங்களாக நிறுத்தப் போவதில்லை. அப்பா நிறுத்தட்டுமா என்று கேட்டார், நான் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், அதையும் டாக்டரிடம் கேட்பேன்.

இனி நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன், திட்டாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி பொறுக்க முடியாமல் அப்பா அலமாரியிலிருந்த பழைய இருமல் பாட்டிலை எடுத்து இரண்டு மூடி குடித்துவிட்டார். மழைக்காலத்தில் தம்பிக்கு வாங்கியது. மூடி ஒட்டிப்போய், லேபிள் மேல் மருந்து வழிந்து பாதி எழுத்து அழிந்திருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், குளோர்பெனிரமைன் என்ற இரண்டும் தெரிகிறது, மூன்றாவது பெயர் 'பினை' என்று தொடங்கி மறைந்துவிட்டது. இருமல் கொஞ்சம் அடங்கியது, நன்றாகத் தூங்கினார். ஆனால் விடிந்ததும் சிறுநீர் போக முடியவில்லை. நான்கு தடவை போய் நின்று, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார், சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பத்து மணிக்கு மேல்தான் சரியானது. அதற்குள் அம்மா அழுதுவிட்டார். பாட்டிலைக் குப்பையில் போடாமல் வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்க வேண்டுமென்றால் கொண்டுவருகிறேன். போன அக்டோபரில் காஞ்சிபுரம் பக்கம் தயாரான இருமல் மருந்தைப் பற்றிச் செய்தி வந்ததிலிருந்து அம்மா எந்தப் பாட்டிலைப் பார்த்தாலும் பேட்ச் நம்பரைத் தேடுகிறார், இதை மட்டும் எப்படியோ விட்டுவிட்டார்.

ஆகவே தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்து கலந்தது வேண்டாம். மூக்கடைப்பே இல்லாதபோது மூக்கடைப்பு மருந்து கலந்ததும் வேண்டாம், பிரஷர் ஏறுமே. சர்க்கரைப் பாகில் செய்த சிரப்பும் ஆகாது. சளியே இல்லை என்பதால் சளியை இளக்கும் மருந்தால் பலன் இருக்குமா என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் கழித்தால் என்ன மிஞ்சும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாத டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் மட்டும் உள்ளது உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அது இந்த மாத்திரைகளோடு சேருமா, ராத்திரி ஒரு வேளை மட்டும் போதுமா? எதுவுமே வேண்டாம், வியாழன் வரை வெந்நீரும் உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் போதும் என்றாலும் சரி, அதையே செய்கிறேன். விற்க வேண்டுமே என்று பார்க்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு. அம்மா ஆடாதொடை, மிளகு, அதிமதுரம் போட்டுக் கஷாயம் வைத்து, பனங்கற்கண்டு சேர்த்து ஒரு வாரமாகக் கொடுக்கிறார். அதிமதுரம் பிரஷரைக் கூட்டும் என்று கேள்விப்பட்டேன், அதை நிறுத்திவிடவா? அப்புறம் தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கும் இருமல் மிட்டாய், ஒரு நாளைக்கு ஆறு ஏழு சப்புகிறார். அதிலும் சர்க்கரைதானே? எனக்குத் தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், காகிதம் துவைக்கும்போது கிடைக்கிறது.

டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டைகளின் பின்பக்கம், பழைய பாட்டில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இதற்குக் கீழே அனுப்பியிருக்கிறேன். இன்று கடை அடைப்பதற்குள் பதில் போட்டால் தம்பியை அனுப்புகிறேன், இல்லையென்றால் காலையில் நானே வருகிறேன். அப்பா தனியாக வந்து இருமலுக்கு ஏதாவது கொடு என்று கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள் அண்ணா, எனக்கு ஒரு போன் போடுங்கள்.