பொங்கல் விடுமுறை: செக்குக் கடை 14 மதியம் முதல் 18 வரை இயங்காது

வாடிக்கையாளர் எல்லாருக்கும் வணக்கமுங்க.

*கடை விடுமுறை:* 14.01.2026 புதன் (போகி) மதியம் 2 மணி முதல் 18.01.2026 ஞாயிறு வரை
*திறப்பு:* 19.01.2026 திங்கள் காலை 9 மணி
*பொங்கலுக்கான ஆர்டர் கடைசி நேரம்:* 10.01.2026 சனி இரவு 8 மணி

போகிக்கு நாலு நாள் முன்னாடியே ஆர்டரை ஏன் நிறுத்தறீங்கன்னு கேப்பீங்க. கடைசி ஆட்டு 11ஆம் தேதி ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு ஆட்டுற எண்ணெய் ரெண்டு மூணு நாள் அசையாம நின்னு தெளிஞ்சாத்தான் உங்க கைக்குத் தர முடியும். போன வருஷம் போகி காலையில ரொம்ப வற்புறுத்திக் கேட்டாங்கன்னு, முந்தின நாள் ஆட்டுன நல்லெண்ணெயை அப்படியே கேன்ல ஊத்திக் கொடுத்துட்டோம். ரெண்டு வாரத்துல திரும்பி வந்துச்சு. அடியில ஒரு விரல் கனத்துக்குக் கசடு, மூடியைத் திறந்தா சிக்கு வாடை. மாத்திக் கொடுத்தோம், ஆனா அந்த வீட்டுப் பண்டிகைப் பலகாரம் கெட்டுப்போனதை மாத்த முடியலைங்க. இந்த வருஷம் தெளியாத எண்ணெய் யார் கேட்டாலும் தர மாட்டோம். மனசுல வச்சுக்காதீங்க.

சொந்த எள், கடலை, கொப்பரை கொண்டு வந்து கூலிக்கு ஆட்டுறவங்க *9ஆம் தேதி வெள்ளி மாலைக்குள்ள* கொண்டு வந்துருங்க. மார்கழிப் பனியில கொப்பரை ஈரம் வாங்கியிருக்கும். ஒண்ணை ஒடிச்சுப் பாருங்க. படக்குன்னு ஒடியணும்; ரப்பர் மாதிரி வளைஞ்சா இன்னும் ரெண்டு வெயில் காட்டிட்டுக் கொண்டு வாங்க. எள்ளுக்குக் கருப்பட்டி நாங்களே போட்டுக்குவோம்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தத் தடவை தை அமாவாசை 18ஆம் தேதி ஞாயித்துக்கிழமை, கடை பூட்டியிருக்கிற நாள்லயே வருது. விளக்குக்கு நல்லெண்ணெய் வேணுங்கறவங்க பொங்கல் ஆர்டரோடவே சேர்த்துச் சொல்லிடுங்க. 17ஆம் தேதி ராத்திரி போன் பண்ணினா எடுத்துக் கொடுக்க ஆள் இருக்காது. நம்ம செக்கு ஓட்டுற அண்ணன் தம்பி ரெண்டு பேரும் முதுகுளத்தூர் பக்கம். வருஷா வருஷம் தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய் அக்னி தீர்த்தத்துல முழுகி அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டுத்தான் வருவாங்க. பொங்கலும் அமாவாசையும் இவ்வளவு ஒட்டி வர்றப்ப, நடுவுல ஒரு நாள் வந்து ஓட்டிட்டுப் போங்கன்னு அவங்களைக் கூப்பிட எனக்கு மனசு வரலை. அதனாலதான் ஞாயித்துக்கிழமையும் சேர்த்து லீவு.

மாடு வச்சிருக்கிற வீடுகளுக்கு: கடலைப் புண்ணாக்கு, எள்ளுப் புண்ணாக்கு ரெண்டும் 12, 13 தேதிகள்ல கிடைக்கும். மாட்டுப்பொங்கல் 16ஆம் தேதி. அதுக்கும் அடுத்த மூணு நாளைக்கும் சேர்த்தே வாங்கி வச்சுக்குங்க. முதல்ல கேக்குறவங்களுக்கு முதல்ல.

வீட்டு டெலிவரி 13ஆம் தேதி செவ்வாய் மாலையோட முடியும். அதுவும் மாநகராட்சி எல்லைக்குள்ள மட்டும். கடைக்கே வந்து எடுத்துக்கிறவங்க 14ஆம் தேதி மதியம் 2 மணிக்குள்ள வந்துருங்க. எடுக்காத கேனைப் பெயர் எழுதி உள்ள வச்சிருவோம், 19ஆம் தேதி வாங்கிக்கலாம்.

திருப்பூர்ல இருந்து மதுரை, தேனி, நெல்லைன்னு ஊருக்குக் கொண்டு போறவங்க ஆர்டர்லயே "ஊருக்கு"ன்னு ஒரு வார்த்தை போடுங்க. பஸ் குலுங்கல்ல வழியாத மாதிரி கழுத்துக்கு ரெண்டு விரல் குறைச்சு ஊத்தி, மூடிக்கு உள்ள கவர் வச்சு இறுக்கிக் கொடுப்போம். குறையுற அளவைத் தனி பாட்டில்ல தந்துருவோம். தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருந்தா பயப்படாதீங்க, இந்தக் குளிருக்கு நல்ல எண்ணெய் உறையத்தான் செய்யும். கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா இளகிடும்.

19ஆம் தேதி திறந்ததும் கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் இருப்புல இருக்கும். நல்லெண்ணெய் மட்டும் அன்னைக்குத்தான் புதுசா ஆட்டுவோம், *22ஆம் தேதி வியாழன்* முதல் கிடைக்கும். விலையில மாத்தம் இல்லை.

ஆர்டரை இந்தக் குழுவுல போட வேண்டாமுங்க, வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவுல தவறிப் போயிரும். கடை நம்பருக்குத் தனியா, பெயர், எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த நாள் எடுப்பீங்கன்னு அனுப்புங்க. "குறிச்சாச்சு"ன்னு எங்க பதில் வந்தாத்தான் ஆர்டர் சேர்ந்ததா அர்த்தம். பதில் வரலைன்னா ஒரு போன் போட்டுருங்க. லீவு நாள்ல வர்ற ஆர்டரை 19ஆம் தேதி காலையிலதான் பார்ப்போம்.

வீட்டுல வயசானவங்க வாட்ஸப் பார்க்காதவங்க இருந்தா, பக்கத்து வீட்டுக்காரங்க கொஞ்சம் சொல்லிவிடுங்க.

எல்லாருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்!

செக்குக் கடை, காங்கயம் ரோடு, திருப்பூர்
05.01.2026