‘வெள்ளை மண்’ இரண்டு வரைவுகளும் படித்தேன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் ‘வெள்ளை மண்’ கதையின் ரெண்டு வரைவையும் மூன்று தடவை படித்துவிட்டேன். முதலில் சும்மா கதையாக, அப்புறம் பென்சிலோடு, கடைசியாக ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. "தேறாது என்றால் சொல்லிவிடுங்கள் அக்கா, விட்டுவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய், அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விடாதே. கதையில் வருகிற உப்பளத்து அம்மா, வேலையில் கண்ணைக் காப்பாற்றக் கொடுத்த அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைகிற இடத்தைப் படித்த பிறகு ரெண்டு நாளாக அந்த அம்மாவையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மதிப்பெண் எதுவும் போடவில்லை. நம் வட்டத்தில் எல்லோர் கதையையும் பார்க்கிற மாதிரி குரல், கட்டமைப்பு, புதுமை என்ற மூன்றையும் வைத்துத்தான் பார்த்தேன்.

குரலில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உன்னிடம் இருக்கிற பெரிய பலம் அதுதான், இரண்டாவது வரைவில் நீ கைவிட்டதும் அதைத்தான். முதல் வரைவில் அம்மா சொல்கிறாள்: "இதப் போட்டா உப்புக்கு நெறமே தெரியலட்டி, எது வெளஞ்சது எது வெளயலன்னு எப்படிப் பாக்க?" இந்த ஒரு வரியில் அவள் வேலை தெரிகிறது, கண் வலித்தாலும் கண்ணாடியை ஏன் கழற்றி வைக்கிறாள் என்பது தெரிகிறது, மகளிடம் எப்படிப் பேசுவாள் என்பதும் தெரிகிறது. இரண்டாவது வரைவில் அதே இடம், "கண்ணாடி அணிந்தால் உப்பின் நிறம் தெரிவதில்லை மகளே" என்று ஆகிவிட்டது. தூத்துக்குடி அளத்தில் எந்த அம்மா இப்படிப் பேசுவாள்? போன கூட்டத்தில் ஒருவர் வட்டார வழக்கு எல்லோருக்கும் புரியாது என்று சொன்னது உன்னைத் தைத்திருக்கும், அது எனக்குத் தெரிகிறது. ஆனால் கி.ரா. கரிசல் சொற்களைத் தேடிச் சேர்த்து அகராதியே போட்டார், அந்தப் பேச்சிலேயே கதையும் எழுதினார், கரிசலைக் கண்ணால் பார்க்காதவர்களும் படித்தார்கள். ஒரு சொல் புரியாவிட்டாலும் வாக்கியம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். முதல் வரைவின் பேச்சு முழுவதையும் அப்படியே திரும்பக் கொண்டு வா.

குரலிலேயே இன்னொன்று. கதை சொல்கிறவள் பதினொரு வயதுப் பிள்ளை. பாதி இடங்களில் அவள் கண் அபாரமாகப் பார்க்கிறது, அம்மாவின் குதிகால் வெடிப்பில் உப்பு வெள்ளையாகக் கோடு போட்டிருப்பதை அவள்தான் பார்ப்பாள். வெள்ளம் வந்ததும் திடீரென்று "வாழ்வாதாரம் கேள்விக்குறியானது", "காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை" என்று பேச ஆரம்பிக்கிறாள். 95 சென்டிமீட்டர் சரியான கணக்குதான், 2023 டிசம்பரில் நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். ஆனால் மின்சாரம் போய் மச்சுப்படியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? எத்தனையாவது படி வரைக்கும் தண்ணீர் ஏறியது என்பதுதான் அவளுக்குத் தெரிந்த அளவு. அவளைப் படியை எண்ண விடு.

கட்டமைப்புக்கு வருகிறேன், அதிகம் உழைக்க வேண்டியது இங்கேதான். ஒன்பது பக்கக் கதையில் முதல் ரெண்டு பக்கம் கடல்நீரைப் பாத்தியில் கட்டி உப்பு எடுப்பது எப்படி என்ற விவரம். நன்றாகவே எழுதியிருக்கிறாய், ஆனால் அங்கே இன்னும் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. எனக்குக் கதை மூன்றாம் பக்கத்தில், "கண்ணாடி குடுத்தவங்க போட்டோ எடுத்துட்டுப் போனாங்க" என்ற வரியில்தான் தொடங்குகிறது. அதை முதல் வரியாக வைத்துப் பார். உப்பெடுக்கிற விவரத்தில் ஏழெட்டு வரி அம்மா வேலை செய்யும்போது தானாக உள்ளே வந்துவிடும், மீதியை இன்னொரு கதைக்கு எடுத்து வை, வீணாகாது.

அப்புறம், ஐந்தாம் பக்கத்தோடு கண்ணாடி காணாமல் போகிறது. ஆறிலிருந்து ஒன்பது வரை வெள்ளம், ஆஸ்பத்திரி, அம்மாவின் சாவு. படிக்கும்போது ரெண்டு கதை முதுகோடு முதுகு ஒட்டியிருப்பது போல இருக்கிறது. வெள்ளத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதையாக மட்டும் முடிக்கலாம், அல்லது கண்ணாடியை வெள்ளத்துக்குள் கொண்டு போகலாம். எனக்கு ரெண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் கதை உன்னுடையது, நீ எழுதிப் பார்த்து முடிவு செய்.

ஒரு சின்னத் தவறு, அதைத் திருத்தினால் பெரிய லாபம் இருக்கிறது. டிசம்பர் 16 அன்று அம்மா பாத்தியில் உப்பு வாருவதாக எழுதியிருக்கிறாய். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாத்தியில் உப்பு வாருகிற வேலை நின்றுபோகும் என்பது என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அந்த வாரம் அம்மா வீட்டில், கூலி இல்லாமல், அல்லது கீற்று போட்டு மூடி வைத்த உப்பு அம்பாரத்தில் மூட்டை கட்டுகிற வேலை கிடைக்குமா என்று கேட்டு நடந்துகொண்டிருக்கிறாள். வெள்ளம் வருவதற்கு முன்பே வீட்டில் இருந்த நெருக்கடி அப்போது கதைக்குள் வந்துவிடும். நீ புதிதாக எதையும் கட்டவேண்டியதில்லை.

முதல் வரைவில் இருந்து இரண்டாவதில் வெட்டிய ஒரு காட்சி இருக்கிறதே, ராத்திரி அம்மா ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வது, அதை ஏன் எடுத்தாய்? "மெதுவாகப் போகிறது" என்று நினைத்திருந்தால், மெதுவாகப் போகட்டும். அம்மாவுக்குப் பார்வை குறைந்துகொண்டு வருவதை அந்தப் பிள்ளை அங்கேதான் கண்டுபிடிக்கிறாள், ஆனால் அப்படி ஒரு வரிகூட நீ எழுதவில்லை, நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மாதிரி எழுத நிறையப் பேருக்கு வருடக்கணக்கில் ஆகும்.

புதுமை. உப்பளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் யாருக்கும் முதலில் கைக்கு வருவது உப்பும் கண்ணீரும்தான். உன் கடைசி வரியும் அங்கேயே போய் நிற்கிறது: "கடலின் உப்பைவிட அம்மாவின் கண்ணீரில் உப்பு அதிகம்." இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்க முடியும். கண்ணைக் காப்பாற்றக் கொடுத்த கண்ணாடியை அளத்தில் போடாமல், கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போய், சொந்தக்காரர்கள் சிரிக்கும்போதும் கழற்றாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு பெண்ணை உன்னைத் தவிர யாரும் எழுதியிருக்க முடியாது. அவள் ஏன் கழற்றவில்லை என்று நீ விளக்காமல் விட்டதும் சரி. கண்ணீர் வரியை எடுத்துவிடு. அம்மா சாகத்தான் வேண்டுமா என்றும் யோசி. சாவு வந்ததும் நான் அழுதேன், உண்மை, ஆனால் அந்த அம்மாவை விட்டு விலகி எல்லா அம்மாக்களுக்காகவும் அழுத மாதிரி இருந்தது.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எல்லாம் ஓரத்தில் குறித்திருக்கிறேன், அதை இப்போது தொடாதே, கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் ஒன்றே ஒன்று செய்: மூன்றாம் பக்கத்தில் தொடங்கி, முதல் வரைவின் பேச்சோடு, கல்யாண வீடு வரைக்கும் திரும்ப எழுது. நாலு பக்கம் வந்தால் போதும். அதை ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குக் கொண்டு வா, நீயே வாசி, அம்மாவின் பேச்சு உன் வாயால் வரும்போது எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

வரும்போது இதற்கும் ஒரு பதில் யோசித்துக்கொண்டு வா: தண்ணீர் ஏறுகிறது, எல்லோரும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் தேடுகிறார்கள், அந்தக் கண்ணாடி அப்போது எங்கே இருக்கிறது?

அன்புடன்,
அக்கா