மூன்றாவது பிளேடு

மே மாதம் நான்காவது வாரம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீசன் எந்த நாளும் எடுத்துவிடும். பழவூர்ப் பக்கத்துக் காட்டில் நின்ற புதிய காற்றாலையில் இரண்டு பிளேடு ஏறிவிட்டது. மூன்றாவது, 58 மீட்டர் நீளம், 12.6 டன் எடை, தரையிலிருந்து 40 மீட்டர் உயரத்தில் கிரேன் கொக்கியில் மாட்டிய யோக் என்ற இரும்புச் சட்டத்தின் பிடியில் படுக்கைவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று பிளேடும் மாட்டும் நடுக்குடமான ஹப் இருப்பது 120 மீட்டரில்.

நான்கு மணிக்கே தூக்கியிருக்க வேண்டியது. யோக்கின் கிளாம்பை இறுக்கும் ஹைட்ராலிக் ஹோஸில் எண்ணெய் கசிந்தது. ஹோஸை மாற்றி, பிரஷர் ஏற்றி, பத்து நிமிடம் நிறுத்திப் பார்த்து, மறுபடி கிளாம்ப் பிடித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் போய்விட்டது. இங்கே விடியலுக்கு முந்திய மூன்று மணி நேரம்தான் காற்று தூங்கும் நேரம். அதில் கிட்டத்தட்டப் பாதி அந்த ஹோஸில் கரைந்தது.

சைட் சூப்பர்வைசர் சுடலைமணி, கிரேன் கேபினுக்கு இருபது மீட்டர் தள்ளி, கிரேனின் நீண்ட கையான பூமையும் பிளேடையும் ஒரே பார்வையில் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றிருந்தார். இடது கையில் வாக்கி, வலது கையில் சிறு நோட்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆபரேட்டர் பூம் நுனி அனிமோமீட்டரைப் பார்த்துச் சொல்லும் காற்று வேகத்தை, நொடிக்கு எத்தனை மீட்டர் என்று, எழுதிக்கொண்டே வந்தார்.

5.25: 4.1
5.30: 4.4
5.35: 4.3
5.40: 5.2
5.45: 6.1

"அண்ணாச்சி, 6.9," என்றது வாக்கி. "இடையில ஒரு தள்ளு 8.8 வந்துச்சு."

5.50. சுடலைமணி எழுதினார். பிளேடு கம்பெனியின் மேனுவலில் வரம்பு, பத்து நிமிடச் சராசரி நொடிக்கு 8 மீட்டர், தள்ளுக்காற்று 10 மீட்டர். இரண்டுமே இன்னும் தொடவில்லை.

அவர் மேற்கே பார்த்தார். தாடகைமலையின் உச்சியில் வெள்ளைத் தொப்பி மாதிரி மேகம் உட்கார்ந்திருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் அது இல்லை. கீழே, பிளேடு ஆடாமல் தரையிலிருந்து இழுத்துப் பிடிக்கும் கயிறான டேக் லைன், நுனிப் பக்கத்தில் நேர்கோடாக இல்லை, வில் மாதிரி கிழக்கே வளைந்து நின்றது. அதைப் பிடித்திருந்த நான்கு பேரும் குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்திருந்தார்கள். கால்மணி முன்பு ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த ஆட்கள்.

போன் அடித்தது. ஆறு கிலோமீட்டர் மேற்கே, முப்பந்தல் பக்கத்துப் பழைய மெஷின்களைப் பார்க்கிற பேச்சிமுத்து. அவரை நாலரை மணிக்கே எழுப்பி, திரையில் சராசரி எட்டைத் தாண்டினால் கூப்பிடச் சொல்லியிருந்தார்.

"அண்ணாச்சி, நம்ம மெஷின்ல 9.4 காட்டுது. இப்பதான் ஏறுச்சு. எல்லாம் சுத்த ஆரம்பிச்சிட்டு."

மேற்கே அடிக்கிற காற்று ஆறு கிலோமீட்டரைக் கடந்து இங்கே வர பத்துப் பதினோரு நிமிடம். சுடலைமணி நோட்டின் ஓரத்தில் கணக்கைப் போட்டார். 40 மீட்டரிலிருந்து ஹப் வரை ஏற்ற 20 நிமிடம். பிளேடின் அடிமுனையான வேரை ஹப்பின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, அதில் நீட்டி நிற்கும் 64 ஸ்டட் போல்ட்டும் ஓட்டைகளுக்குள் போய்ச் சேர, ஆள் கைதேர்ந்தவனாக இருந்தாலும் 15 நிமிடம். எல்லா நட்டும் கையால் ஏற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக 32 ஸ்டட்டை முதல் கட்ட இழுவைக்கு டென்ஷனரில் இழுத்த பிறகுதான் யோக் பிளேடை விடலாம். அது 40 நிமிடம். ஆக, ஒன்றேகால் மணி நேரம் கழித்து, ஏழு ஐந்துக்கு, காற்று எட்டுக்குள் இருக்க வேண்டும். இப்போது 6.9 என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை.

வேர் உள்ளே போய்ப் பத்து ஸ்டட் மாட்டிய நிலையில் காற்று எடுத்தால் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. ஒரு முனை ஹப்பில் கட்டுண்டு, நடு உடல் கிரேனில் தொங்கி, 58 மீட்டர் நெம்புகோல் ஒன்று ஆடும். அந்த வேரின் பக்கத்தில்தான், ஹப்புக்குள், மூன்று பையன்கள் ஸ்டட் நுனிகளை விரலால் வழிகாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

வாக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"ஸ்டாப். எல்லாரும் ஸ்டாப். ஹாய்ஸ்ட் நிறுத்து. ஸ்லூ தொடாத."

வின்ச்சின் முனகல் நின்றது.

"என்ன அண்ணாச்சி?" ஆபரேட்டரின் குரல்.

"இறக்குதோம். மெதுவா. பிளேடு வந்த வழியிலயே ஸ்டாண்டுக்குத் திரும்பட்டும். டேக் லைன் ரெண்டு பக்கமும் இழுவை விடாதிய. நுனி மேக்க பாத்தே இருக்கணும், குறுக்க திரும்ப விடாதிய."

கிளையண்ட் பக்கத்து இன்ஜினியர் ஓடிவந்தான். இருபத்தாறு வயது, நல்ல பையன். கையில் பிடிக்கிற அனிமோமீட்டரைத் தூக்கிக் காட்டினான்.

"சார், 3.9தான் இருக்கு. லிமிட்ல பாதிகூட வரல."

"தம்பி, நீங்க நிக்கிறது ரெண்டு மீட்டர் உயரத்துல. தரையில முள்ளுச்செடி, மண்மேடு எல்லாம் காத்தைப் பிடிச்சு வச்சிரும். பூம் நுனி 128 மீட்டர். இங்க 3.9ன்னா அங்க ஏழு. கணக்கு சரியாத்தான் இருக்கு, ஆனா பாக்க வேண்டிய கணக்கு அங்கதான் இருக்கு."

"ஏழும் எட்டுக்குக் கீழதானே சார்?"

சுடலைமணி கண்ணை பிளேடிலிருந்து எடுக்காமலே பேசினார். "எட்டு மீட்டர்ல இது பட்டையா திரும்பி நின்னா, சுமார் 650 கிலோ பக்கவாட்டுல தள்ளும். பன்னெண்டுல எவ்வளவு தள்ளும்னு சொல்லுங்க."

பையன் யோசித்தான். "ஆயிரம்?"

"ஒன்றரை டன். காத்து ஒன்றரை மடங்கானா தள்ளு ரெண்டேகால் மடங்கு. வேகத்தை வேகத்தாலயே பெருக்கணும். எட்டு ஆளு கயித்துல தொங்குனாலும் ஒன்றரை டன் நிக்காது. இரும்புத் தூணா இருந்தா இந்தக் காத்துல தூக்கிரலாம். இது காத்தைப் பிடிக்கதுக்குன்னே செஞ்ச பொருள்."

"கிரேனோட லோடு மீட்டர், எல்எம்ஐ, 61 பெர்சன்ட்தான் காட்டுது சார், கேபாசிட்டி இருக்கு."

"எல்எம்ஐ எடையைப் பாக்கும், ரேடியஸைப் பாக்கும். பக்கத்து இழுப்பைப் பாக்காது. பூம் மேலிருந்து கீழ வர்ற பாரத்துக்கு நிக்கும், குறுக்க முறுக்குனா அதோட பலம் வேற. அந்த 61 அப்பவும் 61தான் காட்டும்."

பிளேடு 25 மீட்டருக்கு வந்தபோது முதல் கனத்த தள்ளு வந்தது. நுனி அரைவட்டம் போட முயன்றது. டேக் லைன் முன்வரிசையில் நின்ற அந்தோணி இரண்டடி இழுபட்டுப் போய், கயிற்றைத் தரையில் அடித்திருந்த ஆங்கரில் ஒரு சுற்றுப் போட்டு நிறுத்தினார்.

"கையில சுத்தாதிய! ஒருத்தனும் கையில சுத்தாதிய!" சுடலைமணி வாக்கியை விட்டுவிட்டு நேராகவே கத்தினார். "9.6," என்றார் ஆபரேட்டர். "நில்லு," என்றார் சுடலைமணி. "ஆட்டம் அடங்கட்டும். அடங்குச்சா? இப்ப இறக்கு."

6.08க்கு வேர் ஸ்டாண்டிலும் நுனி சட்டத்திலும் உட்கார்ந்தது. லாஷிங் பெல்ட் போட்டு, கொக்கியின் பாரம் முழுதும் போன பிறகே கிளாம்பைத் திறக்கச் சொன்னார்.

அடுத்து டவர்.

"மேல இருக்கவன் யாருடே? ரோட்டர் லாக் பின் உள்ள இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. ரெண்டு பின்னும்."

"கண்ணால பாத்துச் சொல்லு."

சிறிது நேரம் கழித்து: "பாத்துட்டேன். ரெண்டும் முழுசா உள்ள. ரெண்டு பிளேடும் காத்தை வாங்காம ஃபெதர்ல நிக்கி."

"ஹப்பு வாயைத் தார்ப்பாய் போட்டுக் கட்டு. டென்ஷனர் ஹோஸைக் கழத்தி நாசெல்ல வச்சுட்டு மூணு பேரும் இறங்குங்க. லிஃப்ட் வேண்டாம், ஏணில வாங்க, ஃபால் அரெஸ்டர் மாட்டிக்கிட்டு."

புராஜெக்ட் மேனேஜரின் போன் 6.15க்கு வந்தது. சென்னையில் அவர் விழித்தது இப்போதுதான் என்று குரலில் தெரிந்தது.

"சுடலைமணி, லிமிட் தாண்டல, ஆனா நிறுத்திட்டீங்கன்னு சொல்றாங்க. கிரேன் வாடகை என்னன்னு தெரியும்ல? சீசன் ஆரம்பிச்சுட்டா அடுத்த விண்டோ எப்ப கிடைக்கும்?"

"தெரியும் சார். இன்னைக்கு ராத்திரி ரெண்டு மணியிலருந்து அஞ்சு வரைக்கும் நாலஞ்சு மீட்டர்தான் காட்டுது ஃபோர்காஸ்ட். அப்ப எடுப்போம். ஹோஸ் ஒண்ணு ஸ்பேர் வேணும், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள திருநெல்வேலியில இருந்து வந்தாகணும். இன்னொண்ணும் இருக்கு சார். பூமை இறக்கணும்."

"பூமுமா? அதுக்கு ஏறி இறங்க அரை நாள் போகுமே."

"மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல 16, 17 வரும்னு போட்டிருக்கு. 126 மீட்டர் பூம் அந்தக் காத்துல நிக்கக்கூடாது, கிரேன் புக்கிலயே இருக்கு. இறக்கதுக்கே ஒரு மணி நேரம் வேணும், அந்த ஒரு மணி நேரமும் காத்து அடங்கியிருக்கணும். இப்ப விட்டா பொறவு இறக்கவே முடியாது."

மறுமுனையில் மௌனம். "ரிப்போர்ட் அனுப்புங்க," என்று வைத்துவிட்டார்.

பூம் படுக்க வேண்டிய பாதையில் ஒரு லோபெட் டிரெய்லர் நின்றது. நேற்று இரவு டூல் கன்டெய்னர் இறக்க வந்தது, டிரைவர் அதன் அடியிலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நின்ற இடமோ பாதையின் நடு. இந்தப் பாதை 140 மீட்டருக்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்று பிளேடு தூக்கும் வேலைக்கான பிளானில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். டிரைவரை எழுப்பி, வண்டியைத் திருப்பி வெளியேற்ற 20 நிமிடம் ஆனது. அந்த 20 நிமிடம்தான் அன்று காலையில் அவர் முகம் சிவந்த ஒரே நேரம். டிரைவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை உள்ளே விட்ட செக்யூரிட்டியிடமும், பாதையைக் கயிறு கட்டி அடைக்காத தன் போர்மேனிடமும்தான் பேசினார். பேச்சு குறைவு, குரலும் தாழ்வு.

6.50க்குப் பூம் சாயத் தொடங்கியது. நுனியில் 10.2. அந்த நிலையில் பூம் இறக்க கிரேன் கம்பெனி தந்திருந்த வரம்பு 11. 7.45க்கு நுனி மரக்கட்டைகளின் மேல் படுத்தது. கடைசி பத்து நிமிடத்தில் இரண்டு முறை நிறுத்தி, தள்ளு போகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேலே இருந்த மூன்று பையன்களும் டவர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுவரில் அறைந்தது. மூத்தவன் தலையைத் திருப்பி ஹப்பைப் பார்த்தான். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் பையன் அருகே வந்து நின்றான். கையிலிருந்த கருவியில் 7.1. இந்த முறை அதைக் காட்டாமல், "மேல எவ்வளவு இருக்கும் சார்?" என்று கேட்டான்.

"நீங்களே பெருக்கிப் பாருங்க."

"பன்னெண்டரை."

சுடலைமணி தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்தார். 5.50: 6.9, தள்ளு 8.8. மேற்கு மெஷின் 9.4. தேவை 75 நிமிடம். நிறுத்தம். 6.08 பிளேடு ஸ்டாண்டில். 7.45 பூம் தரையில். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதினார்: ஹோஸ் கசிவால் 75 நிமிடத் தாமதம், மீதி வேலை முடியுமுன் காற்று வரம்பைத் தாண்டும். அதன் கீழே: பூம் பாதை அடைக்கப்படவில்லை, என் பொறுப்பு. கையெழுத்துப் போட்டார்.

அந்தோணி உள்ளங்கையில் ஊதிக்கொண்டு வந்தார். கையுறை கிழிந்து, தோல் சிவந்திருந்தது.

"பாக்கட்டும், காமி. ஃபர்ஸ்ட் எய்ட் போய் மருந்து போட்டுட்டு வீட்டுக்குப் போ. ராத்திரி டேக் லைனுக்கு வேற ஆள் போடுதேன், நீ வாக்கியோட நில்லு."

"எத்தனை மணிக்கு அண்ணாச்சி?"

"பன்னெண்டு மணிக்கு பூம் தூக்க ஆரம்பிக்கணும். பதினொன்னரைக்கு வந்துரு."