ஜூன் 3 முதல் 6 வரை ரொக்கப் புத்தகம்: அட்டவணையாக

அண்ணா, வணக்கம்.

அச்சகத்தின் நாலு நாள் ரொக்கக் கணக்கை நீங்கள் வாக்கியமாகத் தட்டி அனுப்பியிருந்ததைத் தேதி, விவரம், வரவு, செலவு என்று பிரித்துவிட்டேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, முதலில் நீங்கள் எழுதியது அப்படியே:

> ஜூன் 3 திங்கள். காலையில் பெட்டியில் 4,250 இருந்தது. அழைப்பிதழ் ஆர்டருக்கு முன்பணம் 2,000 வந்தது, ரசீது 118. காகிதம் இறக்கிய வண்டிக்கூலி 350, டீ 60 கொடுத்தேன்.
>
> 4ஆம் தேதி பில் புத்தகம் அடித்ததற்கு 3,600 வந்தது, ரசீது 119. அதில் 3,000 வங்கியில் போட்டாச்சு. நேற்று மெஷின் ஆயிலுக்கு 180 கொடுத்ததை எழுத விட்டுப்போச்சு. மை 1,450க்கு கடனில் வாங்கினோம்.
>
> 5ஆம் தேதி உதவியாளருக்கு முன்பணம் 1,500. கரண்ட் பில் 1,120 வங்கியிலிருந்து போயிடுச்சு. அட்டை வாங்க 1,000 கொடுத்து அனுப்பினேன், 840க்கு வாங்கிட்டு மீதி 160 சாயங்காலமே திரும்பி வந்தது.
>
> 6ஆம் தேதி அழைப்பிதழ் பாக்கி 2,500க்கு செக் வந்தது, ரசீது 120. விசிட்டிங் கார்டு 700 ரொக்கம், ரசீது 121. கடை மூடும்போது எண்ணினால் 4,590.

இனி அட்டவணை:

| தேதி | விவரம் | வரவு | செலவு |
|---|---|---:|---:|
| 03-06-2024 | ஆரம்ப இருப்பு | 4,250 | |
| 03-06-2024 | அழைப்பிதழ் முன்பணம், ரசீது 118 | 2,000 | |
| 03-06-2024 | வண்டிக்கூலி, காகிதம் இறக்கியது | | 350 |
| 03-06-2024 | டீ செலவு | | 60 |
| 03-06-2024 | மெஷின் ஆயில் | | 180 |
| 04-06-2024 | பில் புத்தகம் அச்சுக்கூலி, ரசீது 119 | 3,600 | |
| 04-06-2024 | வங்கியில் செலுத்தியது | | 3,000 |
| 05-06-2024 | உதவியாளர் முன்பணம் | | 1,500 |
| 05-06-2024 | அட்டை கொள்முதல் | | 840 |
| 06-06-2024 | விசிட்டிங் கார்டு அச்சுக்கூலி, ரசீது 121 | 700 | |
| 06-06-2024 | ரொக்கக் குறைவு | | 30 |
| | மொத்தம் | 10,550 | 5,960 |
| | இறுதி இருப்பு | | 4,590 |

நாள் முடிவு இருப்பு: 3ஆம் தேதி 5,660, 4ஆம் தேதி 6,260, 5ஆம் தேதி 3,920, 6ஆம் தேதி 4,590.

நீங்கள் எழுதியதில் மூன்று தொகைகள் இதில் இல்லை. கடனுக்கு வாங்கிய மை 1,450 மை கடைக்காரர் கணக்கில் ஏறும். பெட்டியிலிருந்து காசு போகாததால் ரொக்கப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. கரண்ட் பில் 1,120, செக் 2,500 இரண்டும் வங்கிப் புத்தகத்துக்குப் போகின்றன. ரசீது எண் 119க்குப் பிறகு 121க்குத் தாவுவது இந்த செக்கினால்தான். வங்கியில் போட்ட 3,000 மட்டும் இரண்டு புத்தகத்திலும் வரும், இங்கே செலவு, அங்கே வரவு. அதை வியாபாரச் செலவாக யாரும் கூட்டிவிடக் கூடாது.

ஆயில் 180ஐ நீங்கள் சொன்ன நாளில் வைக்காமல், காசு கொடுத்த 3ஆம் தேதியில் வைத்திருக்கிறேன். அன்றைய கணக்கு இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால்தான். மூடிய நாளாக இருந்தால் மறுநாள் தேதியிலேயே, "3ஆம் தேதி விடுபட்டது" என்ற குறிப்போடு போட்டிருப்பேன்.

அட்டைக்கு ஒரே வரி போதும்; மீதி அன்றே வந்துவிட்டது, பில்லும் 840க்குத்தான். 160 மறுநாள் வந்திருந்தால் அன்று 1,000 செலவு, அடுத்த நாள் 160 வரவு என்று இரண்டு வரி வேண்டும், இல்லாவிட்டால் முதல் நாள் இருப்பு எண்ணிக்கையோடு ஒத்துப்போகாது. உதவியாளர் தொகையைச் சம்பளம் என்று எழுதவில்லை, மாதக் கடைசியில் பிடிக்க வேண்டியது.

அந்த 30 தான் நெருடுகிறது. கணக்குப்படி 4,620 இருக்க வேண்டும், நீங்கள் எண்ணியது 4,590. டீயோ பேருந்தோ என்று நானாகப் பெயர் வைக்க மனமில்லை, குறைவென்றே போட்டிருக்கிறேன். என்ன செலவு என்று நினைவுக்கு வந்தால் விவரத்தை மட்டும் மாற்றினால் போதும், தொகை அப்படியே இருக்கும்.

கோப்பில் ஒவ்வொரு வரியிலும் தேதியை முழுசாக அடித்திருக்கிறேன், வடிகட்டும்போது எந்த வரியும் அனாதையாகாது. தொகைக்குப் பின்னால் "/-" சேர்க்க வேண்டாம், சேர்த்தால் அது எழுத்தாகிவிடும், கூட்டலில் வராது. இருப்புக்கான சூத்திரம்:

```
=SUM(C2:C12)-SUM(D2:D12)
```

ஆயில் பில், அட்டை பில் இரண்டையும் வவுச்சர் ஃபைலில் சேர்க்க அனுப்பிவையுங்கள். வண்டிக்கூலிக்கு பில் கிடைக்காது, ஒரு தாளில் தேதியும் தொகையும் எழுதி ஓட்டுநர் கையெழுத்து வாங்கியிருந்தால் அதுவே போதும்.