ஆள் கணக்கு

திங்கட்கிழமை காலையில் யாருக்காவது "குட் மார்னிங்" சொன்னால் முத்துக்குமரனுக்குக் குரல் கட்டிக்கொண்டு வரும். சளியெல்லாம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தை விட்டுக் கிளம்பியவன், அதற்கப்புறம் யாரிடமும் வாய் திறந்திருக்க மாட்டான். கடையில் பொருளைத் தானே ஸ்கேன் செய்து, தானே பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். ஞாயிறு மதியம் சேலத்துக்கு ஒரு போன். அதிலும் பேசுவது பெரும்பாலும் அம்மாதான். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடிவிடும். இவன் உம் கொட்டிக்கொண்டிருப்பான்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. உருக்காலைகளுக்கு இயந்திரம் வடிவமைக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. தகடு உருளைகளுக்கு நடுவே போகும்போது எங்கே எவ்வளவு வளையும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பான். அப்பா சேலம் உருக்காலையில் இருந்தவர். மகன் ஷெஃபீல்டுக்குப் போகிறான் என்றதும் ஊரெல்லாம் சொல்லி வந்தார். எவர்சில்வர் பிறந்த ஊர் என்று அவருக்கு அந்தப் பெயர் மேல் ஒரு பக்தியே உண்டு.

அலுவலகத்தில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கஷ்டம். எவராவது அவமானப்படுத்தியிருந்தால் கோபப்படவாவது செய்யலாம். கதவைப் பிடித்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். தினமும் பதினோரு மணிக்கு ஒருவர் எழுந்து "யாருக்கு டீ?" என்று மேஜை மேஜையாகக் கேட்டுக்கொண்டு போவார். முத்துவின் மேஜை ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. கேட்கிறவர் தூணோடு திரும்பிவிடுவார். "எனக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீ வந்துவிடும். முதல் வாரம் சொல்லவில்லை. அப்புறம் சொல்வதற்கு வெட்கமாகிவிட்டது.

ஊரின் மத்திய நூலகத்தில் அறிவிப்புப் பலகை ஒன்று உண்டு. ஞாயிறு நடைக் குழு, புதியவர்கள் வரலாம், கட்டணம் இல்லை, ரயில் டிக்கெட் அவரவர் பொறுப்பு என்று ஒரு தாள் அதில் குத்தியிருந்தது. ரயில் நிலைய வாசலில் தண்ணீர் வழிகிற நீளமான எஃகுச் சுவர் இருக்கிறதே, அதன் பக்கத்தில் கூட வேண்டுமாம். அந்தச் சுவரை முத்துவுக்கு நன்றாகத் தெரியும். பல சாயங்காலங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறான்.

போன அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். தலைவி மோரீன், ஓய்வுபெற்ற நர்ஸ். குள்ளமான உருவம், கழுத்தில் திசைகாட்டி. கடைசியில் வருகிறவர் ஜான். எழுபதைத் தாண்டியவர், மேலே மஞ்சள் அங்கி. அவருக்கு ஒரே வேலைதான். யாருமே அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது. ஹாதர்சேஜ் நிலையத்தில் இறங்கியதும் அவர் ஒவ்வொருவராக விரலை நீட்டி எண்ணினார். முத்துவிடம் வந்தபோது விரல் ஒரு நொடி நின்றது. "புதுசு. பதினாலு," என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையை முடித்தார்.

விதிகளை மோரீன் நடந்துகொண்டே சொன்னாள். பாதை பிரிகிற இடத்தில் பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை நிற்க வேண்டும். கேட்டைக் கடந்தால் அடுத்தவர் வரும்வரை பிடித்திருக்க வேண்டும். கடைசி ஆள் சாத்த வேண்டும், இல்லாவிட்டால் ஆடுகள் வெளியே போய்விடும். ஒதுங்க வேண்டியிருந்தால் முதுகுப்பையைப் பாதையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பை கிடந்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். ஜான் அதைத் தாண்டிப் போக மாட்டார்.

ஸ்டானேஜ் பாறை விளிம்புக்கு ஏறும் வழியில் முத்துவுக்கு ஒன்று பிடித்துப்போனது. பக்கத்துப் பக்கமாக நடக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. ஏற்றம் வந்தால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், பேச்சு தானாக நின்றுவிடும். அந்த மௌனத்துக்கு யாரும் காரணம் தேட மாட்டார்கள். மீட்டிங் ஹாலில் இவன் மௌனம் வேறு மாதிரி இருக்கும்.

பாறைக்கு அடியில் வட்ட வட்டமாகச் செதுக்கிய அரவைக் கற்கள் புல்லில் சரிந்து கிடந்தன. நடுவில் துளையோடு, கச்சிதமாக, ஒன்றின் மேல் ஒன்று. கொத்தி முடித்தபோது வாங்குகிறவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள், அப்படியே விட்டுவிட்டார்கள் என்றார் ஜான். முத்து குனிந்து ஒரு கல்லின் விளிம்பில் உளி பட்ட கோடுகளைத் தடவிப் பார்த்தான். அத்தனையும் ஒரே இடைவெளி. எந்தக் கையோ நாள் முழுக்க அளந்து அடித்திருக்கிறது.

அங்கேதான் டீ குடிக்க உட்கார்ந்தார்கள். முத்து பிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றினான். ஜான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிச்சிட்டு அதைக் கொஞ்சம் குடு."

வாங்கி, கவிழ்த்து, நகத்தால் சுண்டினார். விளிம்பு மடித்த இடத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தார்.

"பதினெட்டுக்கு எட்டா?"

"ஆமாம். பதினெட்டு குரோமியம், எட்டு நிக்கல்," என்றான் முத்து. "எங்க ஊர்த் தகடு. அப்பா வேலை பார்த்த ஆலை."

"எங்கே அது?"

ஜான் உருக்கும் பட்டறையில் முப்பது வருடம் இருந்தவர். 1913இல் ஹாரி பிரியர்லி இந்த ஊரில் துருப்பிடிக்காத எஃகை உருக்கியதை நேற்று பார்த்தது போலச் சொல்வார். சேலத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல, முத்து அன்றிரவு அப்பாவுக்கே போன் செய்ய வேண்டியதாயிற்று. அப்பா இரவு ஒன்றரை மணி என்றும் பார்க்காமல் விளக்கினார்.

இறங்கும்போது முத்துவின் ஷூ சேற்றில் மாட்டியது. மைதானத்தில் ஓடுகிற மெல்லிய ஷூ அது. மோரீன் பார்த்துவிட்டாள்.

"இந்த ஷூவோட இன்னொரு தடவை வந்தா உன்னை ரயில்ல ஏத்தவே மாட்டேன். காலை உடைச்சிக்கிட்டா தூக்கிட்டுப் போறது யாரு?"

அந்த நாட்டில் அவனை யாரும் அதுவரை திட்டியதில்லை. திட்டு வாங்கியவன் மறுநாளே கணுக்கால் வரை மூடுகிற பூட்ஸ் வாங்கினான். விலையைக் கேட்டு அம்மாவுக்குத்தான் நெஞ்சடைத்தது.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். பல ஞாயிறுகள் அவன் கூட்டத்துக்குள்ளேயே தனியாக நடந்தான். கேட்ட கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அக்டோபரில் கிண்டர் ஸ்கவுட்டுக்குப் போனார்கள். 636 மீட்டர், அந்தப் பக்கத்தில் அதுதான் உயரம். ஈடேலில் இறங்கி ஏறும்போது மோரீன் 1932ஐப் பற்றிச் சொன்னாள். அப்போது இந்த மேடு முழுக்கப் பணக்காரர்களின் வேட்டை நிலம். அந்த ஏப்ரலில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் நடக்கலாம் என்பது அப்படி வந்ததுதான். "உன்னையும் சேர்த்துத்தான்," என்றாள்.

உச்சி மலை மாதிரியே இல்லை. தட்டையான கறுப்புச் சேறு, அதில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் அரித்த பள்ளங்கள். மூடுபனி இறங்கியபோது நாலடி தள்ளி இருப்பது தெரியவில்லை. முத்து ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினான், பையோடு. திரும்பி வந்தபோது எந்தப் பள்ளத்திலிருந்து வந்தோம் என்றே புரியவில்லை. எல்லாப் பள்ளமும் ஒன்று போலிருந்தது.

முதலில் பயம் வரவில்லை. போய்விட்டார்கள், ஸ்டேஷனில்தான் கவனிப்பார்கள், கவனிக்காமலும் போகலாம் என்று நினைத்தான். சத்தம் போடலாம் என்று தோன்றியது. வாய் வரவில்லை. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிய வாய்.

விசில் கேட்டது. ஆறு தடவை, இடைவெளி விட்டு மறுபடியும் ஆறு. அப்புறம் யாரோ அவன் பெயரைக் கத்தினார்கள். ஒருவர் இல்லை, நாலைந்து பேர், ஆளுக்கொரு ராகத்தில்.

"இங்கே!" என்று முத்து கத்தினான். தமிழில்தான் வந்தது.

பனிக்குள்ளிருந்து மஞ்சள் அங்கி வந்தது. ஜான் நலம் விசாரிக்கவில்லை.

"பை எங்கே?"

"முதுகில."

"அது பாதையில இருந்திருக்கணும்."

அவ்வளவுதான் பேச்சு. மற்றவர்கள் ஒரு பாறை மறைவில் குளிரில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். வேலி தாண்டும்போது எண்ணியதில் பத்துதான் வந்ததாம், உடனே எல்லோரும் நின்றுவிட்டார்களாம். யாரோ ஓட்ஸ் கேக் ஒரு துண்டை அவன் கையில் வைத்து அழுத்தினார்கள். "பதினொண்ணு," என்று ஜான் சத்தமாகச் சொன்ன பிறகுதான் மோரீன் நடக்க ஆரம்பித்தாள். முத்து ரொம்ப தூரம் வரை தலையைக் குனிந்தே நடந்தான். கண் துடைத்ததை யாராவது பார்த்திருந்தாலும் காற்று என்று நினைத்திருப்பார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிறு மழைக்குச் சோம்பல்பட்டுப் போகவில்லை. பத்து மணிக்குள் மூன்று செய்திகள் வந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நாலு கடை தள்ளி ஒரு குரல்: "முத்து! ஏன் வரலை?" கடைக்காரர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முத்து மீன் பையோடு அங்கேயே நின்று, காய்ச்சல் என்று பொய் சொல்ல முயன்று, முடியாமல் உண்மையைச் சொன்னான்.

அந்த வாரமே ஒரு நாள் பதினோரு மணிக்கு அவனே எழுந்து "யாருக்கு டீ?" என்று கேட்டான். ஒன்பது பேர் கை தூக்கினார்கள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பால் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டான். கூடத்தின் கோடியில் பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பெண், போலந்திலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், கை தூக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் போய்க் கேட்டான்.

ஜனவரியில் ஜான் வரவில்லை. "குளிருக்கு வரமாட்டான், விடு," என்றார்கள் சிலர். மஞ்சள் அங்கியை மோரீன் முத்துவிடம் நீட்டினாள். புதன்கிழமை வேலை முடிந்ததும் வாக்லி மேட்டுக்குப் பஸ் ஏறி, வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினான். திறக்க வெகுநேரம் ஆயிற்று. ஜான் ஊன்றுகோலோடு நின்றார். முழங்கால் வீங்கியிருந்தது.

"மோரீன் அனுப்பினாளா?"

"இல்ல. ஒரு ஆள் குறைஞ்சுது, அதான் வந்தேன்."

ஜான் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பின்னாடி யார் வந்தது?"

"நான்தான்."

"எண்ணினியா?"

"ஒவ்வொரு கேட்டிலயும்."

"கடைசி கேட்டு?"

"கொக்கி விழமாட்டேங்குது. கொஞ்சம் தூக்கிச் சாத்தினேன்."

"ம். தூக்கித்தான் சாத்தணும்," என்று நகர்ந்து வழி விட்டார். சமையலறை மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு வரைபடத்தை விரித்தார். எந்த வழியாகப் போனீர்கள், காட்டு என்றார். முத்து விரலை வைத்து நகர்த்தினான். ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஜான் அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தப் பக்கம் ஏன் போனீங்க? அது சதுப்பு."

"மேல் பாதை பனியில வழுக்குச்சு."

"வழுக்காது. நான் நாப்பது வருஷமா போறேன்."

"போன ஞாயித்துக்கிழமை நீங்க போகலையே," என்றான் முத்து. "நான்தானே போனேன்."