ஞாயிறு டிபன்: பையன் வீட்டார் 9 பேர், நம் பக்கம் 7

தங்கச்சி, இதைப் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவை.

மதுரையிலிருந்து வேனில் வருகிறார்கள். மூன்றரைக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். திருச்சி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும். வழியில் டீக்கு நிறுத்தினால் நாலு, நிறுத்தாவிட்டால் மூன்றே கால். நாலரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் பெண்ணைப் பார்த்துவிட நினைப்பார்கள். அதனால் அவர்கள் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் தட்டு வெளியே போக வேண்டும். வாசலில் வேன் நிற்கும்போது அடுப்பில் பால் மட்டும்தான் இருக்கலாம்.

மெனு: ரவா கேசரி, பொடி மினி இட்லி, தயிர் வடை, ரிப்பன் பக்கோடா, காபி. மதியம் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது தாராளம். எதிலும் வெங்காயம், பூண்டு இல்லை. இட்லிப்பொடியிலும் பூண்டு வேண்டாம். யார் என்ன விலக்குகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

பஜ்ஜி கிடையாது. அத்தை கேட்பார், சொஜ்ஜி இருந்தால் பஜ்ஜியும் இருக்க வேண்டும் என்பார். 9 பேருக்கு இரண்டிரண்டு என்றால் 18, சட்டியில் ஒரு ஈடுக்கு ஐந்து. முதல் ஈடு எடுத்து நாலாவது ஈடு முடிவதற்குள் வாழைக்காயின் ஆவி மேல்மாவைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். அதோடு எண்ணெய்ப் புகையில் நீ பட்டுப்புடவையோடு நிற்பாய். மொறுமொறுப்புக்குத்தான் ரிப்பன் பக்கோடா.

வெள்ளி: ரிப்பன் பக்கோடா. அரிசி மாவு 300 கிராம், கடலை மாவு 150, பொட்டுக்கடலை மாவு 50, வெண்ணெய் 40 கிராம், மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன், பெருங்காயம், உப்பு. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் கரைந்து சிதறும். குறைந்தால் பல்லுக்கு வேலை. எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் எடு. முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவை மூடு. சூட்டோடு மூடினால் ஞாயிறன்று நமுத்துப்போயிருக்கும்.

சனி: இட்லி அரிசி 600 கிராம், உளுந்து 150 கிராம், அரை டீஸ்பூன் வெந்தயம். காலையில் ஊறவைத்து சாயங்காலம் அரை. ஞாயிறு காலை பொங்கியதும் மாவை ஃபிரிட்ஜில் வைத்துவிடு. மதியம்வரை வெளியே இருந்தால் புளித்து இட்லி தட்டையாகும். இரவு ஒன்றேகால் லிட்டர் பாலுக்குத் தயிர் உறை ஊற்று. உறைந்த உடனே, காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஃபிரிட்ஜுக்குள் தள்ளு.

ஞாயிறு 8 மணி: தயிர் வடைக்கு உளுந்து 250 கிராம் ஊறவை. ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் ஊறினால் எண்ணெய் குடிக்கும். ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரை. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும், அடியில் போனால் கையால் இன்னும் இரண்டு நிமிஷம் அடி. உப்பு பொரிக்கும் முன்புதான், முன்னாடியே போட்டால் மாவு நீர்க்கும். சின்னதாக 20 தட்டு.

10.30: வடையைப் பொரித்ததும் உப்பு போட்ட வெந்நீரில் இரண்டு நிமிஷம், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக அழுத்தி எடு. பச்சை வடையைத் தயிரில் போட்டால் மேலே ஊறும், நடுவில் கட்டியாக நிற்கும். தயிரில் அரைமூடித் தேங்காய், பச்சை மிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு, சீரகம் அரைத்துக் கலந்து, 200 மி.லி. ஆறிய பால் சேர். மூன்றில் ஒரு பங்குத் தயிரைத் தனியே எடுத்து வை. வடை நாலு மணி நேரத்தில் தயிரைக் குடித்துவிடும், பரிமாறும்போது கிண்ணம் வறண்டு கிடக்கும். அப்போது ஊற்றத்தான் இது.

12 மணி: கேசரி. ரவை கால் கிலோ, தண்ணீர் 750 மி.லி., சர்க்கரை 350 கிராம், நெய் 150, முந்திரி 50. கலர் பொடி வேண்டாம், குங்குமப்பூவைச் சூடான பாலில் ஊறவைத்துச் சேர். ரவையை நெய்யில் வாசம் வரும்வரை வறுத்து, கொதிக்கும் தண்ணீர் விட்டு, முழுக்க வெந்ததைக் கிள்ளிப் பார்த்த பிறகே சர்க்கரை. வேகாத ரவையில் சர்க்கரை விழுந்தால் பிறகு எவ்வளவு கிளறினாலும் நறநறவென்றே இருக்கும். இறக்கும்போது கொஞ்சம் தளதளவென்று இருக்கட்டும், ஆற ஆற இறுகும். நெய் தடவிய சின்னக் கிண்ணங்களில், அடியில் ஒரு முந்திரி வைத்து அழுத்தி மூடிவை. மூன்று மணிக்கு இட்லிப்பானையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டினால் நெய் இளகி, கவிழ்த்ததும் அழகாக வந்துவிடும். மூடியைத் துணியால் கட்டு. சொட்டும் நீர் மேலே விழுந்தால் கேசரி குழையும்.

1.30: மினி இட்லி, ஆளுக்கு எட்டு. வெந்ததும் மூன்று நிமிஷம் விட்டு எடு. கைபொறுக்கும் சூட்டில் நல்லெண்ணெய் 100 மி.லி., பொடி ஆறு டேபிள்ஸ்பூன் போட்டுக் குலுக்கு. கரண்டி போடாதே, உடையும். எண்ணெய் பூசிய இட்லி சாயங்காலம்வரை காயாது. ஹாட்பேக்கில் கீழேயும் மேலேயும் துணி போடு, இல்லாவிட்டால் வேர்த்த நீரில் பொடி சேறாகும். சட்னி, சாம்பார் வேண்டாம். சோபாவில் உட்கார்ந்து, மடியில் பட்டோடு, யாருக்கும் அது வசதியில்லை.

2 மணி: டிகாக்ஷன். காபித்தூள் 150 கிராம், 650 மி.லி. வரும்வரை வெந்நீர். ஒரு டம்ளருக்கு டிகாக்ஷன் 40, பால் 110. பால் இரண்டரை லிட்டர் வாங்கு. டிகாக்ஷனை அடுப்பில் வைக்காதே, கசக்கும்; வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிவை.

2.45: மேடையைத் துடைத்துவிட்டுப் புடவை மாற்று.

தட்டு: வட்டமாக நறுக்கிய வாழையிலை போட்ட எவர்சில்வர் தட்டு 9. கவிழ்த்த கேசரி, பக்கத்தில் இட்லி, தயிர் வடை தனிக் கிண்ணத்தில், ஸ்பூன். தட்டிலேயே வடையை வைத்தால் தயிர் ஓடி எல்லாவற்றையும் நனைக்கும். துருவிய கேரட், கொத்தமல்லி, காராபூந்தி கடைசி நிமிஷம். ரிப்பன் பக்கோடா தட்டு கையில் போகும்போது மட்டும். இரண்டாம் தடவைக்கு இட்லியும் பக்கோடாவும் கொண்டுபோ. கேசரியை வற்புறுத்தாதே, பெரியவர்களில் ஒருவருக்காவது சர்க்கரை இருக்கும். அதே காரணத்துக்காக இரண்டு காபி சர்க்கரை போடாமல் தனி டபராவில், அந்த டபரா மட்டும் பித்தளை, மாறிப்போகாது.

தட்டு வெளியே போனதும் பாலை ஏற்று. பாப்பா கையில் நாலு டம்ளர் டிரேதான், முக்கால் அளவு ஊற்றி. மிச்சத்தை நீ எடுத்துவா. ஒன்பது டபரா செட்டோடு அந்தப் பெரிய டிரே கனக்கும், அவள் பார்வை முழுக்க டிரேயிலேயே இருக்கும்.

நம் ஏழு பேரில் மாமாவும் மச்சானும் மட்டும் அவர்களோடு உட்காரட்டும், அவர்களுக்குக் காபி மட்டும். மற்ற டிபனெல்லாம் வேன் கிளம்பிய பிறகு. வேன் துவரங்குறிச்சி தாண்டியதும் மச்சானுக்குப் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன். போன் வந்ததும் தண்ணீர் டம்ளர்களை நிரப்பாதே, கேசரிக்கு இட்லிப்பானையில் தண்ணீர் மட்டும் ஊற்றி வை.